84 லட்சம் லாபம் புத்தகத்தில், 5 லட்சம் பேங்க்கில்: மீதி எங்கே?

"சார், மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் பகிராமல் சேர்ந்த லாபம் 84 லட்சம் என்று இருக்கிறது. பேங்க்கிலும் கையிலும் சேர்த்து 5 லட்சம்தான் காட்டுகிறது. மீதிப் பணம் எங்கே போனது? நான் 25 சதவீதப் பார்ட்னராகச் சேர்ந்ததும் என் பங்கு 21 லட்சத்தை எடுத்துக்கொள்ளலாமா?"

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பணம் எங்கும் காணாமல் போகவில்லை. ஆனால் 84 லட்சம் என்பது எங்கேயும் பணமாக இருந்ததும் இல்லை. 21 லட்சத்தை இப்போது எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் அது பேங்க் கடனிலிருந்துதான் வரும். ஏன் என்பதை நம் பனியன் கம்பெனியின் கணக்கை வைத்தே எழுதுகிறேன். பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரமான டீடில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானமாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் அந்த எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டேலியில் Profit & Loss A/c என்ற பெயரில், மூலதனத்துக்கும் கடனுக்கும் பக்கத்தில், பொறுப்புகள் பக்கம் நிற்கிறது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'பகிர்ந்து தரா இலாபம்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். பொறுப்புகள் பக்கம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்தத் தொழிலுக்குள் இருக்கும் மதிப்பு யார் மூலம் வந்தது? பார்ட்னர்கள் போட்டது 60 லட்சம், தொழில் சம்பாதித்து உள்ளேயே விட்டது 84, மெஷின் லோன் 30, ஸ்டாக்கையும் பார்ட்டி பாக்கியையும் வைத்து பேங்க் தரும் சுழல் கடனான சிசி கணக்கில் எடுத்திருப்பது 46, நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் தர வேண்டியது 52, வரி முதலான பாக்கி 8. மொத்தம் 280 லட்சம்.

அந்த 280 இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது சொத்துப் பக்கம். மெஷினும் கட்டடமும் 92, நூல், துணி, தைத்த பீஸ் எல்லாம் சேர்ந்த ஸ்டாக் 70, பார்ட்டிகள் தர வேண்டியது 94, ஜிஎஸ்டியில் நமக்கு வர வேண்டியது 12, ஈபி டெபாசிட், வாடகை அட்வான்ஸ் 7, பேங்க்கும் ரொக்கமும் 5. பணம் இருந்தால் இந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இருப்பது 5 தான். 'இந்த 84-இல் எவ்வளவு மெஷினாக ஆனது, எவ்வளவு நூலாக ஆனது' என்று பிரித்துக் காட்டவும் முடியாது. ஒரு தொட்டியில் மூன்று குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த பிறகு, எந்தக் குழாய்த் தண்ணீர் எந்த வாளிக்குப் போனது என்று சொல்ல முடியாது அல்லவா.

லாபம் பிறக்கும் நாளும் பணம் வரும் நாளும் எப்படி விலகுகின்றன என்பதற்கு ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 10,000 டி-ஷர்ட், பீஸ் 165 ரூபாய், பில் தொகை 16.5 லட்சம். ஜிஎஸ்டியை இங்கே விட்டுவிடுகிறேன். ஜனவரியில் 6 லட்சத்துக்கு நூல் வாங்கி மாத முடிவுக்குள் மில்லுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. நிட்டிங், டையிங் கூலி 2.4 லட்சம்; பில் வந்துவிட்டது, மார்ச் முடியும்வரை கட்டவில்லை. தையல் முதல் பேக்கிங் வரை ஆட்களுக்குச் சனிக்கிழமைதோறும் கொடுத்த கூலி 4 லட்சம். லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, லாரி வாடகை 1.4 லட்சம். மொத்தச் செலவு 13.8. மார்ச் 20 அன்று சரக்கு ஏறியது, பில் போட்டாயிற்று. பில் போட்ட அன்றே கணக்கில் 2.7 லட்சம் லாபம் பிறந்துவிட்டது.

மார்ச் 31 அன்று பேங்க் என்ன சொல்லும்? நூல் 6, கூலி 4, இதர செலவு 1.4 என்று 11.4 லட்சம் வெளியே போயிருக்கிறது. ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை. பார்ட்டிக்குக் கொடுத்த தவணை 90 நாள், அதாவது ஜூன் 18. ஆக இந்த ஒரு ஆர்டரால் புத்தகத்தில் லாபம் 2.7 கூடியது, பேங்க்கில் 11.4 குறைந்தது. இரண்டும் சரியான கணக்குதான். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் எப்போதும் வழியில் இருக்கும் தொழில் நம்முடையது.

இனி முழு வருடத்தையும் பார்ப்போம். 2024 மார்ச் 31 அன்று பகிராத லாபம் 56 லட்சம், பேங்க்கில் 14 லட்சம். ஒரு வருடம் கழித்து லாபம் 84 ஆனது, பேங்க் 5 ஆனது. ஒன்று 28 ஏற, மற்றது 9 இறங்கியிருக்கிறது. இதைக் கண்டுதான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நியாயமான சந்தேகம், அதற்குக் கணக்குக் காட்டுவது என் கடமை.

வரி போக அந்த வருட லாபம் 36 லட்சம். தேய்மானம் 12 லட்சத்தைச் செலவாகக் கழித்திருக்கிறோம். ஆனால் அதற்கென்று பணம் வெளியே போகவில்லை, அதனால் திரும்பச் சேர்த்தால் 48. இந்த 48 பேங்க்கில் இருந்திருக்க வேண்டும், நடுவில் எதுவும் பிடித்து வைக்காமல் இருந்திருந்தால். பார்ட்டி பாக்கி 66-இலிருந்து 94 ஆனது. 28 அங்கே நின்றுவிட்டது. ஸ்டாக் 52-இலிருந்து 70 ஆனது; 18 அங்கே. ஜிஎஸ்டி வரவு 3 கூடியது. மில், டையிங் பாக்கி 4-ம் வரி முதலான பாக்கி 2-ம் கூடியதால் அந்த 6 நம்மிடமே தங்கியது. கூட்டிக் கழித்தால், 36 லட்சம் லாபம் காட்டிய தொழில் அந்த வருடம் முழுக்கப் பணமாகத் தந்தது 5 லட்சம் மட்டுமே.

அதன் பிறகு ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களும் ஒரு ஜெனரேட்டரும் 30 லட்சத்துக்கு வாங்கினார்கள். லோன் புதிதாக 18 வாங்கி, பழையதில் 10 கட்டினார்கள். பழைய பார்ட்னர்கள் இருவரும் 8 எடுத்தார்கள். சிசி கணக்கில் 16 கூடுதலாக எடுக்க வேண்டி வந்தது. 5 கழித்தல் 30, கூட்டல் 18, கழித்தல் 10, கழித்தல் 8, கூட்டல் 16. விடை கழித்தல் 9. பேங்க் 14-இலிருந்து 5-க்கு வந்த வழி இதுதான். அவர்கள் எடுத்த 8 லட்சமே சிசி பணத்தில்தான் போயிருக்கிறது. அந்த வருடம் லாபம் 36 என்றாலும்கூட.

பார்ட்டி பாக்கியில் ஏறிய அந்த 28 லட்சத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விற்பனை 310 லட்சத்திலிருந்து 400 லட்சமாக வளர்ந்தது. விற்பனை வளர்ந்த அதே வீதத்தில் பாக்கியும் வளர்ந்திருந்தால் 66 என்பது 85 ஆகியிருக்கும். அந்த 19 லட்சம் வளர்ச்சிக்கு நாம் கொடுத்த விலை. அதைத் தவிர்க்க முடியாது. மீதி 9 லட்சத்துக்குக் காரணம் வேறு: முன்பு சராசரியாக 78 நாளில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது 86 நாளில் வருகிறது. ஒரு நாள் விற்பனை ஏறக்குறைய 1.1 லட்சம், எட்டு நாள் தாமதம் 9 லட்சத்தைப் பிடித்து வைத்துவிட்டது. பேங்க்கில் குறைந்த தொகையும் அதே 9 தான். லாபத்தைப் பற்றிக் கேட்பதைவிட இந்த எட்டு நாளைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

லாபமும் பணமும் ஒன்றல்ல என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மெஷின் லோனில் அசல் 10 லட்சம் கட்டினோம்: பேங்க் 10 குறைந்தது, 84 அசையவில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரு மொத்த வியாபாரப் பார்ட்டி 11 லட்சம் தராமல் இருநூறு நாளுக்கு மேல் ஆகிறது. அதை வாராக் கடன் என்று நாளை எழுதித் தள்ளினால், வரியைக் கணக்கில் எடுக்காமல் சொன்னால், 84 அன்றே 73 ஆகிவிடும். பேங்க் ஒரு பைசா குறையாது. மூன்றாவது இன்னும் விசேஷம். ரத்தான ஆர்டரில் மிஞ்சிய பீஸ் 9 லட்சம் அடக்க விலையில் ஸ்டாக்கில் கிடக்கிறது. அதைத் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் 4 லட்சத்துக்குத் தள்ளினால், லாபம் 5 லட்சம் குறையும், பேங்க் 4 லட்சம் கூடும். ஒரே நடவடிக்கையில் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன.

கடைசி இரண்டையும் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்டாக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் எடுக்க வேண்டும். அந்த 9 லட்சத்தை 4 என்றும், 11 லட்சத்தை வராது என்றும் எடுத்தால், உண்மையான பகிராத லாபம் 68 லட்சம். 84 என்பதே பணமல்ல. அது முழுதாக லாபமும் அல்ல. ஆடிட் முடிவதற்குள் இந்த இரண்டையும் திருத்தச் சொல்லி இருக்கிறேன். நீங்களும் வலியுறுத்துங்கள், கசப்பாக இருந்தாலும் சேரும்போதே சரியான எண்ணில் சேருவது உங்களுக்கு நல்லது.

இப்போது '21 லட்சத்தை எடுத்தால் என்ன' என்பதற்கு வருகிறேன். பேங்க்கில் 5 தான். மீதி 16 சிசி கணக்கிலிருந்து வர வேண்டும். லிமிட் 50, எடுத்திருப்பது 46. இடம் 4 தான். அந்த 4-ம் உறுதியல்ல. மாதாமாதம் நாம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்து பேங்க் 'டிராயிங் பவர்' கணக்கிடும். நம் அனுமதிக் கடிதத்தின்படி, ஸ்டாக்கில் மில், டையிங் பாக்கியைக் கழித்து, மிச்சத்தில் 75 சதவீதம்: 70 கழித்தல் 52, அதாவது 18-க்கு 13.5 லட்சம். 90 நாளுக்கு உட்பட்ட பார்ட்டி பாக்கியில் 60 சதவீதம். மொத்தப் பாக்கி 94-இல் 30 லட்சம் ஏற்கெனவே 90 நாளைத் தாண்டிவிட்டது. மீதி 64-க்கு 38.4 லட்சம். இரண்டும் சேர்ந்து 51.9. லிமிட் 50-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

10 லட்சம் தர வேண்டிய ஒரே ஒரு பார்ட்டி 90 நாளைத் தாண்டினால் அந்த எண் 45.9 ஆகிவிடும். நாம் எடுத்திருப்பது 46. அதாவது பார்ட்னர் யாரும் ஒரு ரூபாய் எடுக்காமலே கணக்கு வரம்பை மீறியதாகிவிடும். அப்படி ஆனால் மில்லுக்குக் கொடுத்த செக் திரும்பலாம். செக் திரும்பினால் அடுத்த லாட் நூலை மில் முன்பணம் கேட்டுத்தான் ஏற்றும்.

நீங்கள் மூலதனமாக 20 லட்சம் கொண்டுவரப் போகிறீர்கள். அது சிசி கணக்கில் விழுந்ததும் 46 என்பது 26 ஆகிவிடும், 24 லட்சம் இடம் தெரியும். அப்போது '21 எடுக்க இடம் இருக்கிறதே' என்று தோன்றும். அங்கே தெரிவது லாபம் அல்ல, நீங்கள் போட்ட பணமேதான். அதை எடுத்தால் மூலதனம் போடாமலே பார்ட்னர் ஆனது போல் ஆகும். பேங்க் மேனேஜர் அடுத்த ரினிவலில் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பங்கு விஷயத்திலும் ஒரு திருத்தம் இருக்கிறது. நேரில் சொன்னால் சங்கடப்படுவீர்கள் என்று கடிதத்தில் எழுதுகிறேன். அந்த 84 லட்சம் நீங்கள் சேருவதற்கு முன் சேர்ந்த லாபம். அது பழைய பார்ட்னர்கள் இருவருக்கும் அவர்களின் பழைய விகிதத்தில், 3-க்கு 2, சேர வேண்டியது. 84-ஆகவே எடுத்தால் ஒருவருக்கு 50.4, இன்னொருவருக்கு 33.6, திருத்திய எண் 68 என்றால் 40.8, 27.2. உங்களுக்கு அதில் பங்கு இல்லை. உங்கள் 25 சதவீதம் நீங்கள் சேரும் நாளிலிருந்து வரும் லாபத்துக்குத்தான். டீடில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய இதுதான் முறை.

அதனால் நீங்கள் சேருவதற்கு முன்பே அந்த லாபத்தை அவர்கள் இருவரின் கணக்குக்கும் மாற்றிவிட வேண்டும். லாப நட்டக் கணக்கைப் பற்று வைத்து, நம் புத்தகத்தில் அவரவர் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கில் வரவு வைக்கும் ஒரு ஜர்னல் பதிவு, அவ்வளவுதான். அந்தப் பதிவில் பேங்க் என்ற சொல்லே வராது. பின்னால் அவர்கள் பணமாக எடுக்கும் நாளில்தான் நடப்புக் கணக்குப் பற்று, பேங்க் வரவு என்று எழுதுவோம். லாபத்தைப் பிரிப்பதும் பணத்தை எடுப்பதும் தனித்தனியாக எழுதும் இரு வேறு நடவடிக்கைகள். ஆனால் கவனம்: நடப்புக் கணக்குக்குப் போனதும் அது அவர்கள் கேட்டு வாங்கக்கூடிய தொகையாகிவிடும். வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம், அதற்கு வட்டி உண்டா என்பதை டீடிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொண்டுவரும் 20 லட்சமே அவர்களுக்குக் கொடுக்கப்படும் பணமாகப் போய்விடும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2. பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் போட்ட லாபத்துக்கு இதைக் கட்டியாக வேண்டும். அதுவும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்வரியாக. சிறு, குறு நிறுவனமான டையிங்குக்கு 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், கட்டாமல் வருடம் முடிந்தால் அந்தச் செலவையும் அந்த வருடம் கழிக்க விடமாட்டார்கள். இவ்வளவும் நிறுவனமே கட்டிவிடுவதால், லாபப் பங்காக உங்களுக்கு வரும் தொகைக்கு உங்கள் கையில் வரி கிடையாது. மாதச் சம்பளமும் மூலதன வட்டியும் வேறு. அவை உங்கள் வருமானமாகும், வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீத டிடிஎஸ்ஸும் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவுதான் எடுக்கலாம்? அதற்குப் பேலன்ஸ் ஷீட் உதவாது. வாரக் கணக்குதான் உதவும். மார்ச் 31-க்குப் பின் முதல் நான்கு வாரத்துக்கு, உங்கள் மூலதனத்தைச் சேர்க்காமல், போட்டுப் பார்த்தேன். தொடக்கம் 5. தவறாமல் தரும் பார்ட்டிகளிடமிருந்து மட்டும் வரவு 31. நான்கு சனிக்கிழமைக் கூலி 9, மில் 12, நிட்டிங் டையிங் 6, லோன் தவணை 1.1, சிசி வட்டி 0.4, பிஎஃப், ஈஎஸ்ஐ, ஜிஎஸ்டி 1.5, ஈபி, வாடகை, லாரி 2. போவது 32. நான்காவது வாரக் கடைசியில் மிச்சம் 4 லட்சம். ஒரு வாரக் கூலி 2.25 லட்சம் என்பதால், அந்த 4 இரண்டு வாரக் கூலிக்குக்கூடப் பற்றாது. இதிலிருந்து பார்ட்னருக்கு எடுக்க இடமில்லை. இதையே 13 வாரத்துக்கு நீட்டி, எந்த வாரத்தில் மிச்சம் மிகவும் குறைகிறது என்று பாருங்கள். அந்த வாரத்திலும் ஒரு மாதக் கூலியும் ஒரு லோன் தவணையும், அதாவது சுமார் 10 லட்சம், கையில் இருந்து அதற்கு மேல் நிற்பது எவ்வளவோ அவ்வளவுதான் பகிரத் தக்க பணம்.

எல்லாத் தொழிலிலும் இவ்வளவு இடைவெளி இருக்காது. ஸ்டாக்கும் கடனும் இல்லாமல் ரொக்கத்துக்கு நடக்கும் கடையில் லாபமும் பணமும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். நூல் வாங்கிய நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை ஐந்து மாதத்துக்கு மேல் இழுக்கும் நம் தொழிலில் அது நடக்காது. 'ஜெனரல் ரிசர்வ்' என்று பெயர் மாற்றி வைத்தாலும் இதே கதைதான். சொத்துப் பக்கத்தில் அதே அளவுக்கு ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் மட்டும் அது பணம்.

அந்த 30 லட்சம் பழைய பாக்கியின் பட்டியல் டேலியில் அவுட்ஸ்டாண்டிங்ஸில் ரிசீவபிள்ஸ் திறந்து, வயது வாரியாகப் போட்டால் வரும். மேலே சொன்ன 11 லட்சம் போக மீதி 19 லட்சம் நான்கு பார்ட்டிகளிடம் இருக்கிறது. இரண்டு பேர், பில் தொகையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய டெபிட் நோட் தகராறால் நிறுத்தியிருக்கிறார்கள், உட்கார்ந்து பேசினால் முடியும். அது வந்தால் சிசி 27-க்கு இறங்கும், அதன் பிறகு எடுப்பதைப் பற்றிப் பேசுவோம். பட்டியலையும் 13 வாரத் தாளையும் எடுத்து வைக்கிறேன். சனிக்கிழமை கூலி போட்ட பிறகு, மாலை ஆறு மணிக்கு ஆபீஸுக்கு வாருங்கள். வரும்போது டீட் நகலையும் கொண்டுவாருங்கள், நடப்புக் கணக்குப் பகுதியை அன்றே எழுதிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்காளர்